கோ-ஐபி பிளொட்டில் வரக்கூடாத லேனில் பட்டை வந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

ஒரு புரதத்தைப் பிறபொருளெதிரியால் பிடித்து இழுத்து, அதோடு இன்னொரு புரதமும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பதுதான் கோ-இம்யூனோபிரெசிபிடேஷன். ஆய்வுகூடத்தில் எல்லோரும் கோ-ஐபி என்றே சொல்வோம். செய்முறைத் தாள் எந்த ஆய்வுகூடத்து அலுமாரியிலும் கிடைக்கும். பட்டை வந்த பிறகு அது உண்மைதானா என்று எப்படித் தீர்மானிப்பது என்பதுதான் அந்தத் தாளில் இருக்காது. அதனால் இங்கே ஒரே ஒரு சோடிப் புரதத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பிளொட்டில் தெரியக்கூடிய கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

சோடி இதுதான். மலைநாட்டுத் தோட்டங்களில் சில தேயிலைச் செடிகளின் கொழுந்து ஊதா நிறமாக வரும். அந்தோசயனின் நிறமி சேர்வதால் வரும் நிறம் அது. அந்த நிறமிக்கான மரபணுக்களைத் தூண்டுவதற்கு மிப் குடும்பப் புரதம் ஒன்றும் பிஎச்எல்எச் குடும்பப் புரதம் ஒன்றும் கலத்தின் கருவுக்குள் கைகோக்க வேண்டும் என்பது பல தாவரங்களில் காட்டப்பட்ட விடயம். நம் தேயிலைச் செடியில் இருந்து எடுத்த சோடியும் அப்படிச் சேர்கிறதா என்பதே கேள்வி.

இதைத் தேயிலை இலையிலேயே நேரடியாகச் செய்யப் போகாதீர்கள். கொழுந்தை நசுக்கியதும் பழுப்பாகிறதே, தொழிற்சாலையில் கறுப்புத் தேயிலையை உண்டாக்கும் அதே வேலை உங்கள் குழாய்க்குள்ளும் நடக்கும். பொலிபீனோல்கள் ஒட்சியேற்றப்பட்டு குயினோன்களாகி, சம்பந்தமே இல்லாத புரதங்களைக்கூட ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அப்படி ஒட்டியவற்றை எந்தக் கழுவலும் பிரிக்காது. ஆகவே மரபணுக்களை மட்டும் தேயிலையில் இருந்து எடுத்து, நிக்கோட்டியானா பெந்தாமியானா என்ற புகையிலைச் சாதி இலைக்குள் அக்ரோபக்டீரியம் மூலம் செலுத்துவதே வழமை. இரண்டு, மூன்று நாளில் இலையில் புரதம் வந்துவிடும்.

பிஎச்எல்எச் புரதத்துக்கு ஃப்ளாக் என்ற சிறு அடையாளத் துண்டை, அதாவது டேக்கைப் போட்டிருக்கிறோம். அளவு ஏறக்குறைய 75 கிலோடால்டன். மிப் புரதத்துக்கு ஒளிரும் புரதமான ஜிஎஃப்பி டேக். மிப்பும் ஜிஎஃப்பியும் சேர்ந்து 57 அளவில் வரும். ஃப்ளாக் பிறபொருளெதிரி பூசிய பீட்ஸால், அதாவது நுண்ணிய அகரோஸ் மணிகளால், பிஎச்எல்எச்சை இழுக்கிறோம். பிறகு பிளொட்டில் ஜிஎஃப்பி பிறபொருளெதிரி போட்டு, மிப் கூட வந்ததா என்று தேடுகிறோம்.

லேன்கள் மூன்று. முதல் லேனில் ஃப்ளாக்-பிஎச்எல்எச்சும் ஜிஎஃப்பி-மிப்பும் சேர்ந்து இருக்கின்றன. இரண்டாவதில் ஜிஎஃப்பி-மிப் மட்டும், கூட வெற்று வெக்டர். மூன்றாவதில் ஃப்ளாக்-பிஎச்எல்எச்சும் வெறும் ஜிஎஃப்பியும். வெறும் ஜிஎஃப்பியின் அளவு 27 கிலோடால்டன். கடைசி இரண்டும் பட்டை வரக்கூடாத கட்டுப்பாட்டு லேன்கள்.

அறிகுறி: எல்லா லேனிலும் 50-ஐ ஒட்டி ஒரு தடித்த பட்டை

பேராதனையில் படிக்கும் ஒரு தங்கச்சி வாட்ஸ்அப்பில் பிளொட் படம் அனுப்பினாள். "அக்கா, பட்டை வந்துட்டுது, பாருங்க" என்று எழுதியிருந்தாள். முதல் லேனில் 50-க்கும் 55-க்கும் இடையில் கன்னங்கரிய பட்டை, உண்மைதான். ஆனால் படத்தின் வலது ஓரத்தை அவள் வெட்டியிருந்தாள். முழுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், இரண்டாவது லேனிலும் மூன்றாவது லேனிலும் அதே உயரத்தில் அதே தடிப்பில் பட்டை நிற்கிறது. கீழே 25-இலும் மூன்று லேனுக்கும் பொதுவாக இன்னொன்று.

மூன்றாவது லேனில் மிப்பே இல்லை. அங்கே 57-இல் எதுவும் வர வழியில்லை. அப்படியானால் இது பிறபொருளெதிரியின் பட்டை. பீட்ஸில் இருக்கும் ஃப்ளாக் பிறபொருளெதிரி எலியில் இருந்து வந்தது. பீட்ஸைச் சாம்பிள் பஃபரில் போட்டுக் கொதிக்க வைக்கும்போது அது உடைந்து, 50 கிலோடால்டன் கனச் சங்கிலியாகவும் 25 கிலோடால்டன் இலேசுச் சங்கிலியாகவும் ஜெல்லில் ஓடும். பிளொட்டில் நீங்கள் போட்ட ஜிஎஃப்பி பிறபொருளெதிரியும் எலியுடையது என்றால், அதைக் காட்ட வரும் இரண்டாம் பிறபொருளெதிரிக்கு எலிப் புரதம் எல்லாமே ஒன்றுதான். இரண்டு சங்கிலிகளையும் சேர்த்தே காட்டிவிடும்.

இந்தச் சோடியில் இது இரட்டிப்புத் தொல்லை. 57-இல் வரும் மிப்பைக் கனச் சங்கிலி மறைக்கிறது, 27-இல் வரும் வெறும் ஜிஎஃப்பியை இலேசுச் சங்கிலி மறைக்கிறது. அதாவது தேடுகிற பட்டையும் தெரியாது, கட்டுப்பாட்டு லேன் சுத்தமா என்பதும் தெரியாது.

உறுதிப்படுத்த ஒரு மலிவான வழி உண்டு. இலைச் சாறே சேர்க்காமல், வெறும் பஃபரில் இருந்த பீட்ஸைக் கொதிக்க வைத்து ஒரு லேனில் ஓடவிடுங்கள். அதே இரண்டு பட்டைகள் அங்கேயும் வந்தால் வழக்கு முடிந்தது.

தீர்வு இரண்டு உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்வேன். ஒன்று, பீட்ஸைக் கொதிக்க வைக்காமல் ஃப்ளாக் பெப்டைடால் கழற்றுவது. மூன்று ஃப்ளாக் தொடர்ந்து வரும் பெப்டைடை ஒரு மில்லிலீற்றருக்கு 150 மைக்ரோகிராம் என்ற செறிவில் போட்டு, 4 பாகையில் அரை மணித்தியாலம் சுழலவிட்டால் புரதம் இறங்கிவிடும். பிறபொருளெதிரியில் பெரும்பங்கு பீட்ஸோடேயே நிற்கும். மற்றது, பிளொட்டுக்கு முயலில் இருந்து வந்த ஜிஎஃப்பி பிறபொருளெதிரியை வாங்குவது. முயலுக்கு மாறியும் மங்கலாகப் பழைய பட்டை தெரிந்தால், இரண்டாம் பிறபொருளெதிரியின் தாளைப் பாருங்கள். எலிப் புரதத்தோடு ஒட்டாதபடி வடிக்கப்பட்டது என்று அதில் இருக்க வேண்டும். பிறபொருளெதிரி கட்டுநாயக்கவில் இறங்கிச் சுங்கம் தாண்டி மலையேறி வந்து சேரக் காலம் எடுக்கும் என்பதால், ஓடர் போடும் முன்னரே இதைக் கவனித்துவிடுவது புத்திசாலித்தனம்.

இலேசுச் சங்கிலியை மட்டும் காட்டும் இரண்டாம் பிறபொருளெதிரி கிடைக்கிறது, பலர் அதைப் பரிந்துரைப்பார்கள். இந்தச் சோடிக்கு அது உதவாது. 57 தெளிவாகிவிடும், ஆனால் 27-இல் இருக்கும் கட்டுப்பாடு குருடாகவே நிற்கும்.

அறிகுறி: முதல் லேனில் தடித்த பட்டை, இரண்டாவதில் அதே உயரத்தில் மங்கலாக ஒன்று

முயல் பிறபொருளெதிரிக்கு மாறிய பிறகு தங்கச்சிக்கு வந்தது இதுதான். மூன்றாவது லேன் துப்புரவு. இரண்டாவதில் மட்டும் 57-இல் மங்கலான பட்டை. "மூணாவது லேன் சுத்தமா இருக்குத்தானே, அது போதாதா?" என்று கேட்டாள்.

போதாது. இந்த இரண்டு லேன்களும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. பிஎச்எல்எச் புரதம் ஜிஎஃப்பி டேக்கையே பிடித்துக்கொள்கிறதா என்பது மூன்றாவது லேனின் கேள்வி. ஜிஎஃப்பி பொதுவாக எதிலும் ஒட்டாத, நன்றாகக் கரையும் புரதம். அதனால் அந்த லேன் ஏறக்குறைய எப்போதும் சுத்தமாகவே வரும். சுலபமாகத் தேறும் பரீட்சை என்பதால்தான் பலர் அதை மட்டும் படத்தில் போட்டுவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். இரண்டாவது லேன் கேட்பது கடினமான கேள்வி: பிஎச்எல்எச் இல்லாவிட்டாலும் மிப் தானாகவே பீட்ஸில் ஒட்டுகிறதா? மிப் டிஎன்ஏவைப் பிடிக்கும் புரதம். நேர் ஏற்றமுள்ள பகுதிகள் அதில் நிறைய. கண்ட இடத்திலும் ஒட்டும் குணம் அதற்கு உண்டு.

மங்கல் பட்டையைக் கண்டதும் எல்லோரும் முதலில் கழுவலைக் கூட்டுவார்கள். நான் சாற்றில் இருந்து தொடங்கச் சொல்வேன். திரண்டு கட்டிபட்ட புரதம் சாற்றில் மிதந்தால், பீட்ஸை அடியில் இறக்கச் சுழற்றும்போது அதுவும் கூடவே இறங்கிவிடும். ஒட்டாமலேயே கூட வந்த புரதம் அது, எத்தனை முறை கழுவினாலும் கூடவே இருக்கும். ஆகவே பீட்ஸ் சேர்க்கும் முன்னர் சாற்றை 16,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி, தெளிந்ததை வேறு குழாய்க்கு மாற்றி, மறுபடியும் ஒரு முறை சுழற்றுங்கள். பீட்ஸையும் மெல்ல, குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் மட்டும் சுழற்றி இறக்குங்கள்.

அடுத்தது பீட்ஸின் அளவு. கூடப் போட்டால் கூடப் பிடிக்கும் என்ற நினைப்பில் 50 மைக்ரோலீற்றர் போடுகிறார்கள். ஃப்ளாக் புரதம் கொஞ்சமாக இருக்கும்போது மிச்ச இடமெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். ஒட்டும் புரதங்களுக்கு அதுவே வசதி. ஒரு மில்லிலீற்றர் சாற்றுக்கு 20 மைக்ரோலீற்றர் பீட்ஸ் குழம்பு தாராளம்.

அப்புறம்தான் கழுவல். சாறெடுக்கும் பஃபரில் 150 மில்லிமோலார் NaCl இருந்தால், கழுவலுக்கு 250 அல்லது 300 வரை உயர்த்திப் பார்க்கலாம். நான்கைந்து முறை கழுவி, கடைசிக் கழுவலின்போது பீட்ஸைப் புதுக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள். குழாயின் பிளாஸ்டிக்கிலும் புரதம் ஒட்டியிருக்கும்; பழைய குழாயிலேயே கொதிக்க வைத்தால் அதுவும் சேர்ந்து ஜெல்லுக்குப் போகும். கடைசியாகக் காலம். சில ஆய்வுகூடங்களில் இரவு முழுவதும் சுழலவிடும் வழக்கம் இருக்கிறது. டேக் போட்ட புரதத்துக்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலமே போதும். நேரம் நீள நீளப் பின்னணிதான் கூடும், இரவில் கரண்ட் போனால் சாறும் கெடும். வெளியே குளிராகத்தானே இருக்கிறது, மேசையிலேயே வைக்கலாம் என்றும் சிலர் நினைப்பார்கள். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகையை ஒட்டித்தான். புரோட்டியேஸ்களுக்கு 16 பாகை குளிரே இல்லை.

இத்தனைக்கும் பிறகு மங்கல் நின்றால், கட்டுப்பாட்டையே மாற்ற வேண்டும். வெற்று வெக்டர் லேனில் பீட்ஸின் மேல் ஃப்ளாக் புரதமே இல்லை; முதல் லேனில் பீட்ஸ் ஓரளவு நிரம்பியிருக்கிறது. இரண்டும் ஒரே மேற்பரப்பு அல்ல. வெற்று வெக்டருக்குப் பதிலாக, ஃப்ளாக் டேக்கோடு கருவுக்குள் போகும்படி செய்த லூசிஃபரேஸ் போன்ற சம்பந்தமில்லாத புரதத்தைப் போடுங்கள். அது பிஎச்எல்எச்சோடு ஒத்த அளவில் பீட்ஸில் ஏறியிருந்து, அப்போதும் மிப் வரவில்லை என்றால், அந்த லேனுக்கு மதிப்பு அதிகம்.

இன்புட்டையும், அதாவது இழுப்பதற்கு முந்தைய சாற்றையும், மறக்க வேண்டாம். இரண்டாவது லேனின் இன்புட்டில் மிப் முதல் லேனில் உள்ளதில் பாதிதான் இருக்கிறது என்றால், இழுத்ததில் பட்டை மங்கலாக வந்ததில் ஆச்சரியமே இல்லை. அந்தக் கட்டுப்பாடு எதையும் நிரூபிக்காது. எல்லா இலையிலும் அக்ரோபக்டீரியத்தின் மொத்த அடர்த்தி ஒன்றாக இருக்கும்படி வெற்று வெக்டரால் நிரப்புங்கள். இழுக்கும் முன் சாற்றில் ஒன்று, இரண்டு வீதத்தை எடுத்துவைத்து அதே ஜெல்லில் ஓடவிடுங்கள்.

அறிகுறி: கட்டுப்பாடுகள் எல்லாம் சுத்தம், பட்டை தெளிவு

இது அறிகுறியா என்று கேட்பீர்கள். இந்தச் சோடிக்கு ஆம். மிப்பும் டிஎன்ஏவைப் பிடிக்கும், பிஎச்எல்எச்சும் டிஎன்ஏவைப் பிடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலேயே, ஒரே டிஎன்ஏத் துண்டில் அருகருகே உட்கார்ந்திருக்கலாம். பிஎச்எல்எச்சை இழுத்தால் டிஎன்ஏ வரும், டிஎன்ஏவோடு மிப்பும் வரும். மேலே சொன்ன எந்தக் கட்டுப்பாடும் இதைப் பிடிக்காது. லூசிஃபரேஸ் டிஎன்ஏவைப் பிடிப்பதில்லையே!

ஆகவே சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பென்சொனேஸ் என்ற நொதியத்தைப் போட்டு டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் துண்டாடிவிட்டு இழுத்துப் பாருங்கள். பட்டை அப்படியே நின்றால் டிஎன்ஏ பாலம் இல்லை. காணாமல் போனால், நீங்கள் பார்த்தது டிஎன்ஏவை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பென்சொனேஸுக்கு மக்னீசியம் வேண்டும், 1 முதல் 2 மில்லிமோலார். வழக்கமான சாறெடுக்கும் பஃபரில் EDTA இருக்கும், சில புரோட்டியேஸ் தடுப்பான் வில்லைகளிலும் இருக்கும். EDTA மக்னீசியத்தை வாரி எடுத்துக்கொள்ளும், நொதியம் சும்மா கிடக்கும், பட்டை அசையாது. "டிஎன்ஏ பாலம் இல்லை" என்று நீங்கள் சந்தோஷமாக எழுதிவிடுவீர்கள். உப்பு மிகுந்தாலும் இதே கதை. EDTA இல்லாத வில்லையை வாங்குங்கள். நொதியம் வேலை செய்ததா என்று பார்க்க, அந்தச் சாற்றில் கொஞ்சம் எடுத்து டிஎன்ஏவைப் பிரித்து அகரோஸ் ஜெல்லில் ஓடவிடுங்கள். நொதியம் போட்ட பாதியில் மேலே நிற்கும் பெரிய டிஎன்ஏ மறைந்திருக்க வேண்டும். அந்த ஜெல் இல்லாமல் பென்சொனேஸ் லேனை நான் நம்புவதில்லை.

பென்சொனேஸ் கைவசம் இல்லாவிட்டால் எதிடியம் புரோமைட் உண்டு. டிஎன்ஏவுக்குள் அது நுழைந்தால் புரதங்கள் பிடியை விடும். 1992-இல் லாய், ஹெர் ஆகிய இருவர் இதை ஒரு சோதனையாகவே விவரித்தார்கள். மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராமில் தொடங்கலாம். மரபணுப் பிறழ்வைத் தூண்டக்கூடிய பொருள் என்பதால் கழுவிய நீரைக்கூட சிங்க்கில் ஊற்றக் கூடாது.

இதற்கும் மேலே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தச் சோடிக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பெறுமதியானது. பிஎச்எல்எச்சோடு சேரும் மிப் புரதங்களில், R3 எனப்படும் மீள்வரும் பகுதியில், ஒரு குறிப்பிட்ட அமினோ அமில ஒழுங்கு இருக்கிறது:

```
[DE]Lx2[RK]x3Lx6Lx3R
```

உங்கள் தேயிலை மிப்பில் இது எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதில் உள்ள லூசின்களையும் கடைசி ஆர்ஜினினையும் அலனைனாக மாற்றிய வடிவம் ஒன்றைச் செய்து, முதல் லேனுக்குப் பக்கத்தில் ஓடவிடுங்கள். அளவு அதே, டேக் அதே, ஒட்டும் குணமும் கிட்டத்தட்ட அதே. கைகோக்கும் இடம் மட்டும் இல்லை. இந்த வடிவம் இன்புட்டில் சமமாக இருந்து, கருவுக்குள்ளும் போய் (ஜிஎஃப்பி இருப்பதால் நுணுக்குக்காட்டியிலேயே பார்த்துவிடலாம்), ஆனால் இழுத்ததில் வராமல் போனால், பட்டையின் மீது சந்தேகப்பட அதிகம் மிச்சமிருக்காது. மாற்றிய புரதம் மடிப்பே கலைந்து கட்டிபட்டிருந்தால் மட்டும் இந்த வாதம் விழும். அதனால்தான் இன்புட்டையும் கருவையும் பார்க்கச் சொல்கிறேன்.

அறிகுறி: சாறைக் கலந்தாலே பட்டை வருகிறது

இரண்டு புரதத்தையும் வேறு வேறு இலையில் உண்டாக்கி, சாறெடுத்த பிறகு கலந்து இழுத்துப் பாருங்கள். ஒரே இலையில் உண்டாக்கியபோது வந்த அளவுக்கு இங்கேயும் பட்டை வந்தால், சேர்க்கை குழாய்க்குள்ளும் நடக்கக்கூடியது என்று அர்த்தம். அது பொய்ச் சேர்க்கை என்று ஆகிவிடாது. ஆனால் "கலத்துக்குள் சேர்கின்றன" என்று எழுதும் உரிமை இந்த பிளொட்டில் இருந்து கிடைக்காது. அதற்கு இரண்டாகப் பிளந்த ஒளிர்புரதம் போன்ற வேறு முறை வேண்டும். கலந்த சாற்றில் பட்டை மிக மங்கி, ஒரே இலைச் சாற்றில் தடித்திருந்தால் உங்கள் பக்கம் பலம்.

அறிகுறி: எந்த லேனிலும் பட்டை இல்லை

முதலில் ஃப்ளாக் பிறபொருளெதிரியால் அதே பிளொட்டைப் பாருங்கள். பிஎச்எல்எச்சே இழுபடவில்லை என்றால் மிப்பைத் தேடுவதில் பயனில்லை; டேக் மடிப்புக்குள் ஒளிந்திருக்கலாம், மறுமுனைக்கு மாற்றிப் பாருங்கள். பிஎச்எல்எச் இன்புட்டிலேயே இல்லை என்றால், சுழற்றியபோது அடியில் தங்கிய கசட்டைக் கொதிக்க வைத்து ஓடவிடுங்கள். கருப் புரதங்கள் டிஎன்ஏவோடு சேர்ந்து அங்கேதான் கிடக்கும். பென்சொனேஸ் இதற்கும் மருந்து. டிஎன்ஏ துண்டானதும் அவை கரைசலுக்கு வந்துவிடும்.

பிஎச்எல்எச் நன்றாக இழுபட்டும் மிப் வரவில்லை என்றால், பஃபர் கடுமையாக இருக்கலாம். ரிப்பா பஃபரில் உள்ள SDS-உம் டீஒக்சிகோலேட்டும் பல சேர்க்கைகளைப் பிரித்துவிடும். 50 மில்லிமோலார் ட்ரிஸ் pH 7.5, 150 மில்லிமோலார் NaCl, 10 வீதம் கிளிசரோல், 0.2 வீதம் நோனிடெட் பி-40 என்ற மென்மையான கலவைக்கு இறங்கிப் பாருங்கள். இறங்கினால் பின்னணி ஏறும், ஆகவே இரண்டாவது லேனையும் அதே பஃபரில் மறுபடி செய்தே ஆக வேண்டும். பழைய கடும் பஃபரில் எடுத்த சுத்தமான கட்டுப்பாட்டைப் புது பஃபரின் பட்டைக்குப் பக்கத்தில் ஒட்டுவது செல்லாது.

செடியையும் பாருங்கள். பெந்தாமியானாவுக்கு 22 முதல் 25 பாகை வரை பிடிக்கும். அறைக்கு வெளியே, தலவாக்கலைப் பக்கத்து இரவுக் குளிரில் வைத்த செடி சோர்ந்து, இன்புட்டிலேயே புரதம் மெலிந்திருக்கும். செலுத்திய மரபணுவைச் செடி அடக்கிவிடாமல் தடுக்கும் பி19 என்ற புரதத்தையும் இலையில் செலுத்தும் கலவையோடு சேர்க்காவிட்டால் மூன்றாம் நாளுக்குள் புரதம் குறையத் தொடங்கிவிடும்.

அறிகுறி: டேக் இல்லாத, செடியின் சொந்தப் புரதத்தை இழுக்கும்போது

இங்கே வெற்று வெக்டர் என்ற வசதி இல்லை. பொதுவாகப் போடுவது, அதே விலங்கின் சாதாரண பிறபொருளெதிரி, அதே அளவு மைக்ரோகிராம். அளவைச் சமப்படுத்தாமல் போட்டால் அந்த லேனுக்கு அர்த்தமில்லை. அதுகூட அரைக் கட்டுப்பாடுதான், ஏனென்றால் உங்கள் பிறபொருளெதிரி மிப்பையே நேரடியாகத் தவறிப் பிடிக்கிறதா என்பதை அது சொல்லாது. இழுக்கும் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட செடி கிடைத்தால் அதில் அதே பிறபொருளெதிரியைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மிப் வந்தால் குற்றவாளி பிறபொருளெதிரி. தேயிலையில் அப்படிப்பட்ட செடியை உருவாக்குவது இலேசான காரியமில்லை என்பதால், இந்தச் சோடிக்கு டேக் வழியே போவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கட்டுரையில் எழுதும்போது "நேரடியாகச் சேர்கின்றன" என்று எழுத வேண்டாம். இலைச் சாற்றில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று பாலமாக நிற்கலாம். இந்தக் கூட்டில் டபிள்யூடி40 குடும்பப் புரதம் ஒன்றும் இருப்பது தெரிந்த விடயம். நேரடித் தொடர்பைச் சொல்ல, இரண்டையும் பக்டீரியாவில் உண்டாக்கிச் சுத்திகரித்து, வேறு எதுவும் இல்லாத பஃபரில் இழுத்துக் காட்ட வேண்டும்.